காசிமேட்டு மச்லீ: அஞ்சு இடத்தில் திருத்தம்

தம்பி, நீ அனுப்பிய இந்தி வாக்கியத்தை ராத்திரி சௌகார்பேட்டையில் கடை மூடி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

நீ எழுதியது: காசிமேடு மேங் மேரா சாச்சீ கா சோட்டா துகான் ஹை, வஹாங் அச்சா மச்லீ மில்தா ஹை.

காசிமேட்டில் என் சித்திக்கு ஒரு சின்னக் கடை இருக்கு, அங்கே நல்ல மீன் கிடைக்கும் என்று சொல்ல வந்திருக்கிறாய். வார்த்தைகள் எல்லாம் சரி, வரிசையும் சரி. ஆனால் அஞ்சு இடத்தில் 'ஆ' போட்டிருக்கிறாய், அஞ்சும் 'ஈ' ஆகணும்:

காசிமேடு மேங் மேரீ சாச்சீ கீ சோட்டீ துகான் ஹை, வஹாங் அச்சீ மச்லீ மில்தீ ஹை.

ஏன் இப்படி ஆச்சு என்று எனக்குத் தெரியும், நானும் இதே தப்பைத்தான் வருஷக்கணக்காகப் பண்ணினேன். கடையும் மீனும் நமக்கு அஃறிணை, 'அது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்தியில் 'அது'வுக்குத் தனி இடமே கிடையாது, ஆண்பால் பெண்பால் இரண்டுதான், நாற்காலியானாலும் அதில் ஒன்றில் உட்கார்ந்தே ஆகணும். துகான் பெண்பால், மச்லீயும் பெண்பால். அதோடு நம்ம 'நல்ல' யாருக்கும் மாறாது: நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மீன். அச்சா மாறும்.

இதில் நம்ம 'உடைய' மாதிரி வரும் 'கா'தான் பெரிய வம்பு. சாச்சீ பொம்பளை, அதனால்தான் கீ என்று நினைத்துவிடாதே. கா, கீ எது வரும் என்பதை உடையவர் முடிவு பண்ணுவதில்லை, பின்னால் வரும் பொருள்தான் முடிவு பண்ணும். கடை சித்தப்பா பேரில் இருந்தாலும் மேரே சாச்சா கீ துகான்தான், துகான் பெண்பால் என்பதால். அங்கே மேரா ஏன் மேரே ஆச்சு என்றால், சாச்சாவுக்குப் பின்னால் கீ வந்து ஒட்டுகிறது, ஆண்பால் என்றால் அந்த நேரத்தில் 'ஆ' 'ஏ' ஆகிவிடும். பெண்பாலுக்கு அந்தத் தொல்லை இல்லை, மேரீ மேரீயாகவே இருக்கும்.

மில்தீ பற்றி: கிடைப்பது மீன், வினை அதோடுதான் போகும். வாங்குகிறவர் ஆம்பளையா பொம்பளையா என்று பார்க்காது. ஹை அப்படியே இருக்கட்டும், அதற்குப் பால் கிடையாது.

அப்புறம், 'ஈ'யில் முடிந்தால் பெண்பால் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்பு. தண்ணீரைச் சொல்லும் பானீ ஆண்பால், அதனால்தான் குளிர்ந்த தண்ணீர் டண்டா பானீ. கீ (நெய்), தஹீ (தயிர்) கூட ஆண்பால். சிவப்பைச் சொல்லும் லால் மாதிரி 'ஆ'வில் முடியாத பெயரடை எதற்கும் அசையாது: துணி ஆண்பால், லால் கப்டா; மிளகாய் பெண்பால், அதுவும் லால் மிர்ச்.

மாற்றி எழுதும்போது முதலில் பெயர்ச்சொல்லுக்கு அடியில் கோடு போட்டு ஆணா பெண்ணா என்று குறி, அப்புறம் மற்றதைத் தொடு. நாளைக்கு இதே வாக்கியத்தில் சாச்சீயை எடுத்துவிட்டு சாச்சா போட்டு, துகானுக்குப் பதில் கர் (வீடு, ஆண்பால்) போட்டு அனுப்பு. மச்லீயை மட்டும் விட்டுவை.