பூலுவபட்டி தோட்டத்துக் காய்கறிக் கூடைக்குப் பெயரும் டேக்லைனும்

கோவை பக்கத்தில் உள்ள உங்கள் பூலுவபட்டி தோட்டத்திலிருந்து வாராவாரம் வீடுகளுக்குப் போகும் காய்கறிக் கூடைக்குப் பெயரும் டேக்லைனும் கேட்டிருந்தீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பெயர்: பந்தலடி
டேக்லைன்: விளைஞ்சது மட்டும், வாராவாரம்

இது உங்கள் வீட்டில் யாருக்காவது ஒட்டவே இல்லையென்றால் இரண்டாவது தேர்வு வரப்பு. மூன்றாவது என்று எதையும் தரவில்லை. பத்துப் பெயரை மேசையில் பரப்பினால் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுபடும்.

நீங்கள் தந்த விவரங்களை வைத்துத்தான் இதற்கு வந்தோம். நாலரை ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் கல்லுக்கால் பந்தல்: புடலை, பீர்க்கன், பாகல், சுரை. மீதியில் சின்ன வெங்காயம், தக்காளி, கத்திரி, வெண்டை, பூசணி, சேனை, கீரைப் பாத்திகள். வடவள்ளி, சாயிபாபா காலனி, ஆர்.எஸ்.புரம் பக்கம் 60 வீட்டோடு தொடக்கம். சின்னக் கூடை 4 கிலோ 450 ரூபாய், பெரியது 7 கிலோ 750 ரூபாய், நாலு வாரத்துக்கு முன்பணம். இயற்கை விவசாயத்துக்கான பி.ஜி.எஸ். சான்றில், ரசாயனத்தை விட்டு மாறுவதற்கான மாற்றக் காலம் இன்னும் முடியவில்லை.

பெயரில் எதைச் சேர்க்கக் கூடாது

'ஆர்கானிக்' வேண்டாம். அலுத்துப்போன சொல் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆர்கானிக் உணவுக்காக 2017ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி அந்தச் சொல்லைப் போட்டு விற்க என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று தேவை. நேரடியாக வீட்டுக்கு விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. ஆனால் அது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும்வரைதான். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 60 கூடை, சராசரி 550 ரூபாய், 52 வாரம் என்றால் 17,16,000. முதல் வருடமே தாண்டிவிடுவீர்கள். மாற்றக் காலத்தில் உங்களுக்குக் கிடைப்பது பி.ஜி.எஸ்.-கிரீன். அதை ஸ்டிக்கரின் ஓரத்தில் சொல்லலாம், பெயருக்குள் ஏற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். முழுச் சான்று கிடைத்த பிறகு ஒரு வரி சேர்ப்பது சுலபம். பெயரில் இருக்கும் சொல்லைப் பிடுங்குவது அப்படி இல்லை.

இயற்கை, பசுமை, மண், நம்ம, உழவு. இந்த ஐந்தும் தடை செய்யப்பட்டவை அல்ல, தேய்ந்தவை. கோவையில் எந்தக் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும் இவற்றில் ஒன்று பலகையில் தெரியும். அது போக, காயைப் பற்றி நேராகச் சொல்லும் பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். 'ஃப்ரெஷ் காய்கறிக் கூடை' போன்ற பெயரை, சரக்கை வர்ணிக்கும் பெயர் என்று சொல்லி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் நிறுத்திவிடுவார்கள்.

கழித்த பெயர்கள்

*பாத்தி.* எங்களுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. சின்னது, தோட்டத்துச் சொல். ஆனால் வாட்ஸ்அப்பில் `Paathi` என்று அடித்தால் படிப்பவர் 'பாதி' என்பார். முன்பணம் வாங்கி எடை போட்டுத் தரும் வியாபாரத்துக்குப் பாதி என்ற பெயரா?

*சாளை.* நீங்களே சொன்ன பெயர். கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டைச் சாளை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து அபார்ட்மெண்டில் இருப்பவர்கள். கடலோரத்துக்காரருக்குச் சாளை என்றால் மீன்.

*கிணத்துமேடு.* சொல்ல நன்றாக இருக்கிறது, உங்களிடம் கிணறும் இருக்கிறது. ஆனால் தேடுகிறவர் முதல் நாலைந்து எழுத்தை அடித்ததும் கிணத்துக்கடவு வந்து நிற்கும்.

*சும்மாடு.* அழகான சொல்தான். முதல் மூன்று எழுத்தைக் கேட்டதுமே 'சும்மா குடுக்கறீங்களா' என்பார்கள்.

*மடை.* இதற்கு விளக்கம் வேண்டாம். அந்தப் பெயர் எழுதிய வண்டியை ஓட்டப்போகும் தம்பியை நினைத்துப் பாருங்கள்.

*நொய்யல், சிறுவாணி, வெள்ளியங்கிரி.* ஊருக்கெல்லாம் பொதுவான பெயர்கள். நாளை பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதையே வைத்தால் தடுக்க வழியில்லை. நொய்யலுக்கு வேறு, திருப்பூர்ச் சாயக் கழிவின் ஞாபகமும் கூடவே வரும்.

ஏன் பந்தலடி

தொண்டாமுத்தூர் வட்டாரத்தின் அடையாளமே பந்தல் காய்கறிதான். அது உங்கள் தோட்டத்தில் கண்முன் நிற்கிறது. புகைப்படம் எடுக்க ஒரு இடம், லோகோவுக்கு ஒரு உருவம் (இரண்டு கல்லுக்கால், குறுக்கே கம்பி, தொங்கும் ஒரு புடலை) தானாகவே கிடைத்துவிடுகிறது. படத்தில் புடலை ஒன்று போதும். நாலு காயையும் வரைந்தால் ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கும்போது எல்லாம் பச்சைக் கறையாகிவிடும்.

'பந்தல் காய்' என்று வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆடியிலும் தையிலும் கொடியைப் பிடுங்கி மறுபடி விதைக்கும்போது பந்தல் காலியாக இருக்கும். புடலை விதைத்து முதல் காய் பறிக்கவே ஏறக்குறைய 80 நாள் ஆகும். அந்த வாரங்களில் கூடையில் வெண்டையும் கீரையும் வெங்காயமும்தான் போகும். பெயரில் 'காய்' இருந்தால் பந்தல் காய் எங்கே என்ற கேள்வி வரும். பந்தலடி ஓர் இடத்தின் பெயர். அங்கிருந்து என்ன வந்தாலும் பொருந்தும்.

எழுத்துக்கூட்டலையும் சோதித்துவிட்டோம். `Pandhaladi`, `Pandaladi`, `Panthaladi` என்று மூன்று விதமாக அடிப்பார்கள். எப்படிப் படித்தாலும் வேறு சொல் ஆவதில்லை. அதிகாரபூர்வமாக முதலாவதை மட்டும் வையுங்கள். இணைய முகவரியாக `pandhaladi.in`, `pandaladi.in` இரண்டையும் சேர்த்து வாங்கி, இரண்டாவதை முதலாவதற்குத் திருப்பிவிடுங்கள்.

குறையும் ஒன்று உண்டு. 'பந்தல்' என்று மட்டும் தேடினால் கல்யாண டெக்கரேஷன்காரர்கள்தான் வருவார்கள். கூகுள் மேப்பில் பதியும்போது வகையைப் பண்ணை என்று கொடுத்து, பெயருக்கடியில் விவரத்தில் 'வாராந்திரக் காய்கறிக் கூடை, கோவை' என்று சேர்த்தால் இது பெரும்பாலும் சரியாகும்.

வரப்பு இரண்டாவதாக நிற்பதற்குக் காரணம், அதில் தோட்டம் இருக்கிறது, உங்கள் தோட்டம் இல்லை. எந்த ஊர் விவசாயியும் வைக்கலாம். மற்றபடி கேட்கவும் எழுதவும் சுத்தமான பெயர்.

டேக்லைன்

பெயரில் கூடையும் இல்லை, வாரமும் இல்லை. அந்த வேலையை டேக்லைன் செய்ய வேண்டும். கூடவே, சந்தா எடுத்தவர் கேட்கப்போகும் முதல் புகாருக்கும் அதுவே பதிலாக இருக்க வேண்டும். அந்தப் புகார் என்னவென்று இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: 'இந்த வாரமும் வெண்டைக்காயா? கேரட் ஏன் இல்லை?'

*விளைஞ்சது மட்டும், வாராவாரம்* அதற்குப் பதில் சொல்கிறது. தோட்டத்தில் இருப்பது வரும், இல்லாதது வராது, ஒவ்வொரு வாரமும் வரும். 'விளைந்தது' என்று எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. 'வெளஞ்சது' என்றால் அச்சில் கண் தடுக்குகிறது. நடுவில் உள்ளதை எடுத்தோம்.

'நேத்து செடியில, இன்னைக்கு வாசல்ல' என்பதுதான் உங்களுக்கு முதலில் பிடித்தது. கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் எல்லா வாரமும் உண்மை இல்லை. சின்ன வெங்காயத்தை அறுத்து, தாள் காய வைத்து, பட்டறை போட்டுத்தான் கொடுப்பீர்கள். பூசணியும் சேனையும் வாரக்கணக்கில் அறையில் இருக்கும். கீரை, வெண்டை போன்றவற்றுக்கு மட்டும் அது பொருந்தும். கூடைக்குள் வைக்கும் துண்டுச் சீட்டில் அந்தந்தக் காய்க்கு நேராகப் பறித்த நாளை எழுதிவிடுங்கள். அந்த வரி செய்ய நினைத்ததை அதைவிட நன்றாகத் தேதி செய்யும்.

'நஞ்சில்லாக் காய்' பக்கம் போகவே வேண்டாம். யாராவது ஒரு மாதிரியை லேபுக்கு அனுப்பினால், பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்து படிந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த டேக்லைன் உங்கள் கையையும் கட்டும், அதைத் தெரிந்தே எடுங்கள். நீலகிரி கேரட், உருளை, பீட்ரூட் வாங்கிப் போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்கள். கூடைக்குள் போட்டால் 'விளைஞ்சது மட்டும்' பொய்யாகிவிடும். அவற்றைத் தனிப் பையில், தனி விலையில், 'ஊட்டித் தோட்டத்திலிருந்து' என்ற சீட்டோடு கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். இது முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள், டேக்லைனை மாற்றுவோம். ஸ்டிக்கர் அடித்த பிறகு வேண்டாம்.

கூடைகளின் பெயர்

'ஸ்மால், லார்ஜ்' என்பதைவிட *ரெண்டு பேர் கூடை*, *நாலு பேர் கூடை*. எடையைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் கணக்குப் பிடிபடாது, ஆள் எண்ணிக்கை உடனே பிடிபடும். பிளாஸ்டிக் கிரேட்டில் கொடுத்தாலும் பேச்சில் கூடை என்றே இருக்கட்டும். 'பெட்டி வந்துருச்சா' என்று போனில் கேட்டால் தேர்தல் நேரத்தில் வேறு அர்த்தமாகும்.

அப்படியே எடுத்துப் பயன்படுத்த

கிரேட் ஸ்டிக்கர் (4 அங்குலம் × 3 அங்குலம், ஈரம் தாங்கும் வினைல்):

> பந்தலடி
> விளைஞ்சது மட்டும், வாராவாரம்
> பூலுவபட்டி, கோவை
> காலி கிரேட்டை அடுத்த வாரம் திருப்பித் தரவும்

கூடைச் சீட்டு:

> இந்த வாரம் நாலு பேர் கூடையில்: புடலை 1 கிலோ (செவ்வாய் மாலை பறித்தது), வெண்டை 1 கிலோ (செவ்வாய் மாலை), கத்திரி 1 கிலோ (செவ்வாய் மாலை), தக்காளி 1½ கிலோ (செவ்வாய் காலை), பூசணி 1½ கிலோ (போன வாரம் அறுத்தது), சின்ன வெங்காயம் ½ கிலோ (பட்டறையிலிருந்து), அரைக்கீரை இரண்டு கட்டு, சுமார் ½ கிலோ (புதன் விடிகாலை). கீரையை இன்றே சமைத்துவிடுங்கள். பூசணி அடுத்த வாரம்வரை தாங்கும்.

வாட்ஸ்அப்பில் புதியவருக்கு முதல் பதில்:

> வணக்கம்ங்க, பந்தலடியில் இருந்து. எங்க தோட்டத்தில் அந்த வாரம் விளைஞ்ச காயைக் கூடையாக வாரம் ஒருமுறை, புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம். ரெண்டு பேர் கூடை 4 கிலோ ₹450, நாலு பேர் கூடை 7 கிலோ ₹750. நாலு வாரத்துக்குச் சேர்த்துக் கட்டணும். என்ன காய் வேணும்னு தேர்ந்தெடுக்க முடியாது, ஆனா வேண்டாத ரெண்டு காயைச் சொன்னா அதுக்குப் பதில் வேற வெச்சுருவோம். ஊருக்குப் போறீங்கன்னா திங்கள் மாலைக்குள் சொல்லுங்க, அந்த வாரத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்.

வண்டியின் பக்கவாட்டில் பெயர், டேக்லைன், போன் நம்பர் மட்டும். தமிழ் படிக்காதவர்களுக்காகப் பின்கதவில் `Pandhaladi` என்று எழுதி, கீழே ஆங்கிலத்தில் 'வீக்லி வெஜிடபிள் பாக்ஸ்' போதும். டேக்லைனை மொழிபெயர்க்க வேண்டாம்.

அச்சுக்கு முன்

டிரேட்மார்க் தளத்தில் வகுப்பு 31 (காய்கறி, பழம்), வகுப்பு 35 (விற்பனை) இரண்டிலும் தேடுங்கள். எழுத்து ஒற்றுமை மட்டுமல்ல, ஒலி ஒற்றுமைத் தேடலும் அங்கே உண்டு. 'பந்தல்' என்று தொடங்குவதை எல்லாம் அதில் பாருங்கள். தனிநபர் பெயரில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய். பணம் இறுக்கமாக இருந்தால் 31ஐ மட்டும் முதலில் போடுங்கள். லோகோவைவிடச் சொல்லுக்கு முதலில் விண்ணப்பிப்பது நல்லது, லோகோ இரண்டு வருடத்தில் மாறும். தமிழ்ச் சொல் என்பதால் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் கேட்பார்கள், அங்கேயும் `Pandhaladi` என்ற அதே எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள்.

தேடலில் இடிக்கும் பெயர் ஏதும் வராவிட்டால் முதல் தவணையாக 300 ஸ்டிக்கர் மட்டும் அடியுங்கள். 60 கிரேட்டை மாற்றி மாற்றி அனுப்ப, கிழிந்ததை மாற்ற, அது நாலைந்து மாதத்துக்கு வரும். அதற்குள் பி.ஜி.எஸ். நிலவரமும் தெரிந்துவிடும்.