அக்காவுக்கு ஒரு கடிதம்

தென்காசி
பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

பிளஸ் டூ தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நடுவில் செய்முறைத் தேர்வுகளும் வருகின்றன. மீதி நாட்களை எப்படிப் பிரிப்பது என்று நீதான் சொல்ல வேண்டும்.

கணிதம்தான் பெரிய கவலை. 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். அவற்றைப் புத்தகப் பயிற்சியிலிருந்து தினமும் போட்டுப் பார்க்கிறேன். கலப்பெண்கள், அணிகள் நன்றாக வருகின்றன. வெக்டர் இயற்கணிதத்தில் ஐந்து மதிப்பெண் கணக்குகள் பாதியில் நின்றுவிடுகின்றன. அந்தப் பாடத்தை இப்போதே முடிப்பதா, தெரிந்தவற்றை உறுதியாக்கிவிட்டு அதற்கு வருவதா? இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் நீ இதே பாடப்பிரிவில் படித்தவள், உன் சொல்லைத்தான் நம்புவேன்.

வேதியியலில் கரிம வினைகள் எழுதிப் பார்க்காவிட்டால் மறந்துவிடுகின்றன. காலையில் அவற்றை வைத்துக்கொள்ளலாமா? இயற்பியல் தருவிப்புகளுக்கும் மனம் தெளிவாக இருக்கும் அதே நேரம்தான் வேண்டியிருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் இரவுக்குப் போதும்.

பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுதாக எழுத வேண்டுமா, பகுதி பகுதியாகவா? உன் பழைய வேதியியல் குறிப்பேடு விடுதியில் இருந்தால் அனுப்பிவை.

ஞாயிறு மாலை அப்பாவின் கைப்பேசியில் அழைக்கிறேன். அதற்குள் யோசித்து வை, அக்கா.

அன்புத் தம்பி,
செல்வம்