குளிர்சாதனப் பெட்டிக்கான தவணை விபரம்

கிளிநொச்சி
18 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை நீங்களும் மகளும் கடைக்கு வந்து 250 லீற்றர் இரட்டைக் கதவுப் பெட்டியைப் பார்த்தீர்கள். போகும்போது, "மாதம் எவ்வளவு என்று எல்லாரும் சொல்கிறார்கள், முடிவில் எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை" என்று சொன்னீர்கள். அன்று கடையில் ஆட்கள் நிறைய நின்றதால் என்னால் இருந்து விளக்க முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். வீட்டில் எல்லோருமாக இருந்து ஆறுதலாகப் பாருங்கள்.

பெட்டியின் ரொக்க விலை 168,000 ரூபா. தவணைக்கு எடுப்பவருக்கென்று இந்த விலையைக் கூட்டி எழுதுவதில்லை, எல்லோருக்கும் இதுதான். முற்பணம் 48,000. மிச்சம் 120,000. ஒப்பந்தப் பத்திரச் செலவு 1,500, அது ஒருமுறை மட்டும். கண்டாவளைக்குக் கொண்டுவந்து இறக்குவதற்குக் காசு இல்லை. இவற்றைத் தவிர வேறொரு பெயரில் ஒரு சதமும் வராது. பெட்டி நவம்பர் முதல் கிழமையில் வீட்டுக்கு வரும், முதல் தவணை டிசம்பர் 15இல். மகளின் சம்பளம் பத்தாம் திகதி வருவதாகச் சொன்னதால்தான் பதினைந்தாம் திகதியைக் குறித்தேன்.

ஆறு மாதத்தில் முடிப்பதானால் வட்டி இல்லை. மாதம் 20,000, எல்லாம் சேர்த்து 169,500. உங்கள் கணக்குக்கு இது கட்டாது என்று தெரியும், ஆனாலும் இப்படி ஒரு வழி இருப்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மாதமானால் மாதம் 11,500. வட்டி 18,000, பெட்டியின் முழு அடக்கம் 187,500.

இருபத்துநான்கு மாதமானால் மாதம் 6,500. வட்டி 36,000, முழு அடக்கம் 205,500.

மாதக் காசு குறையக் குறைய முழு அடக்கம் கூடுவதைப் பார்க்கிறீர்கள். 6,500 என்றதும் மனம் இலேசாகிவிடும். ஆனால் அதே பெட்டிக்கு ரொக்க விலையைவிட 37,500 ரூபா கூடக் கொடுக்கிறீர்கள். காலம் எடுத்துக்கொள்வதற்கான விலை அது. அந்தக் காலம் உங்களுக்கு உண்மையில் தேவை என்றால் கொடுப்பதில் பிழை இல்லை, தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி என்றால் வருடத்துக்குப் பதினைந்து சதவீதம்தானே?" என்று கேட்டா. இல்லை. ஒன்றேகால் வட்டியை முதல் நாள் இருந்த 120,000க்கே கடைசி மாதம் வரை போடுகிறோம். நீங்களோ மாதாமாதம் முதலையும் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். பத்தாம் மாதத்தில் உங்கள் கையில் எங்கள் காசு 120,000 இல்லை, 33,000 அளவில்தான் இருக்கும். குறைந்துபோகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 26.6 சதவீதம் ஆகும். பன்னிரண்டு மாதத் திட்டத்துக்கும் இருபத்துநான்கு மாதத் திட்டத்துக்கும் இதே வீதம்தான். வேறு இடத்தில் விசாரிக்கும்போதும், "நிலுவைக்கு வட்டியா, முழுக் காசுக்கும் வட்டியா?" என்று முதலில் கேளுங்கள். மகளின் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால் அதை எடுத்து எங்களிடம் ரொக்கமாக வாங்குங்கள். அதில் எங்களுக்குச் சந்தோசமே.

உங்கள் 11,500 ஒவ்வொரு மாதமும் எங்கே போகிறது என்பதையும் சொல்கிறேன். முதல் மாதத்தில் 2,660 அளவில் வட்டிக்கும் மிச்சம் 8,840 முதலுக்கும் போகும். கடைசி மாதத்தில் வட்டி 250 ரூபாதான், மற்றதெல்லாம் முதல். அதனால்தான் நடுவில் கணக்கை முடிக்க வருபவர்கள், "பாதித் தவணை கட்டிவிட்டேன், பாதி முதல்தானே மிச்சம்" என்று நினைத்து வந்து குழம்புகிறார்கள். இருபத்துநான்கு மாதத் திட்டத்தில் பன்னிரண்டு தவணை கட்டியபின் மிச்ச முதல் 60,000 அல்ல, ஏறக்குறைய 67,800. ஆனால் அன்று அந்த 67,800ஐக் கட்டினால் கணக்கு முடிந்தது. மிச்சத் தவணைகளைக் கூட்டினால் வரும் 78,000ஐ நாங்கள் கேட்க மாட்டோம். முன்கூட்டி முடிப்பதற்குத் தண்டமும் இல்லை. இடையில் 10,000க்குக் குறையாமல் கையில் சேர்ந்தால் அதையும் கொண்டுவந்து மிச்ச முதலிலிருந்து கழிக்கலாம்.

இனி உங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். வழமையான மாதங்களில் பத்தாயிரம் வரை ஒதுக்கலாம் என்றீர்கள். ஆனால் காலபோகம் விதைத்த நேரம் இது. உரம், களைநாசினி, உழவுக் கூலி என்று பெப்ரவரி வரை காசு வெளியேதான் போகும். நல்ல மாதத்தை வைத்துத் தவணையைத் தீர்மானிக்காதீர்கள் அக்கா. ஜனவரி மாதத்தை வைத்துத் தீர்மானியுங்கள். ஜனவரியில் கட்டக்கூடிய காசுதான் உங்களுக்குச் சரியான தவணை. 11,500 என்பது ஓகஸ்ட்டில் பெரிதாகத் தெரியாது, ஜனவரியில் அதுவே வீட்டைப் பிடித்து இறுக்கிவிடும்.

அதற்காக வயல் செய்கிறவர்களுக்கு ஒரு அறுவடைத் திட்டம் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு மாதத்தில் பதினொரு மாதம் 6,000 படி, மார்ச் 15இல் மட்டும் 68,500. முதலின் பெரும்பகுதி நான்காம் மாதமே திரும்பிவிடுவதால் வட்டி 18,000 அல்ல, 14,500. முழு அடக்கம் 184,000.

மழை கூடி வெள்ளத்தில் நெல் அழிந்தாலோ விலை கிடைக்காமல் போனாலோ மார்ச் 15க்கு முன் வந்து சொல்லுங்கள். அந்த 68,500ஐ அன்றைக்கே கேட்க மாட்டோம். மார்ச்சிலிருந்து 15 மாதம், மாதம் 8,700 என்று கணக்கை மாற்றுவோம். அப்போது முழு அடக்கம் 198,000 ஆகும். இதை வாயால் சொல்வதோடு விடவில்லை, ஒப்பந்தத்தில் ஆறாவது பந்தியாக எழுதியிருக்கிறோம்.

நீங்கள் வீட்டில் பேச வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அண்ணன் உரத்தை முதலாளியிடம் கடனாக எடுத்து, நெல்லை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தால் மார்ச்சில் உங்கள் கைக்கு எவ்வளவு மிஞ்சும்? அந்தக் கணக்கில் 68,500க்கு இடமில்லை என்றால் அறுவடைத் திட்டத்தை எடுக்க வேண்டாம். 6,500 திட்டத்தை எடுங்கள், அறுவடைக்குப் பின் மிஞ்சுவதைக் கொண்டுவந்து மிச்ச முதலிலிருந்து கழியுங்கள். வட்டி வீதம் ஒன்றுதான் என்பதால் பொறுமையாகப் போவதில் உங்களுக்கு நட்டம் இல்லை. கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் ஏதும் இன்னும் நிலுவையில் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். அதை முடித்துவிட்டுப் பெட்டி எடுப்பதுதான் நல்லது. இந்தப் பக்கத்தில் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து எத்தனை பெண்கள் அலைந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் பெட்டியால் உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

முற்பணத்துக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னீர்கள். வேண்டாம் அக்கா. முற்பணத்தை 30,000 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் 13,225, இருபத்துநான்கு மாதத்துக்கு 7,475. கொஞ்சம் கூடத்தான், ஆனால் நகைக்கு வேறு வட்டி கட்டத் தேவையில்லை. அதுவும் பாரம் என்றால் 180 லீற்றர் ஒற்றைக் கதவுப் பெட்டி 112,000 ரூபா. முற்பணம் 28,000, இருபத்துநான்கு மாதத்துக்கு மாதம் 4,550. ஆனால் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் பைக்கற்றும் யோகட்டும் விற்கத்தான் பெட்டி வாங்குகிறீர்கள். ஒற்றைக் கதவில் உறைய வைக்கும் இடம் சின்னது. விற்பனையை நம்பித் தவணை கட்டுவதானால் பெரிய பெட்டிதான் உங்களுக்கு உதவும் என்பது என் எண்ணம்.

தவணையோடு மின்கட்டணத்தையும் நினைவில் வையுங்கள். இந்தப் பெட்டி நாளுக்கு ஒரு அலகு அளவில் எடுக்கும், மாதம் முப்பது. மின்கட்டணம் அலகுப் படிகளில் ஏறுவதால் இப்போது 60க்குள் நிற்கும் வீடு அடுத்த படிக்குப் போகும். பில்லை எடுத்து வந்தால் சேர்ந்து பார்க்கலாம். உங்கள் பக்கத்தில் மாலையில் வோல்டேஜ் இறங்குவதால் ஸ்டெபிலைசர் ஒன்று நல்லது. விலை 9,500, கட்டாயம் இல்லை.

தவணை பிந்தினால் ஏழு நாள் பொறுப்போம். அதன்பின் பிந்திய தவணைக்கு மட்டும் மாதத்துக்கு இரண்டு சதவீதம். 6,500க்கு அது 130 ரூபா. தண்டத்தின் மேல் தண்டம் இல்லை. காசு கேட்டு வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்புவதில்லை, பிணை நிற்பவரின் வேலைத்தலத்துக்கும் போவதில்லை. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் நான் தொலைபேசியில் அழைப்பேன், அப்போது எடுத்துப் பேசுங்கள், அதுபோதும். கடைசித் தவணை வரை பெட்டி சட்டப்படி கடையின் பெயரில்தான் இருக்கும். அதனால் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, இதை மறைக்க விரும்பவில்லை.

வரும்போது உங்கள் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், மகளின் சம்பளச் சீட்டு, பிணைக்கு ஒருவர். வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்க மாட்டோம், எங்கும் போடவும் வேண்டாம். ஒப்பந்தம் தமிழில் இருக்கும், ஒரு பிரதி உங்களுக்கு. காசு கட்டும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்கி, தவணை அட்டையில் மிச்ச முதல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மீது முறைப்பாடு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

இந்த விலையையும் தவணைகளையும் நவம்பர் 5 வரை மாற்றமின்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் பகல் ஒரு மணிக்குப் பின் கடையில் கூட்டம் குறைவு. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வயல் கணக்கு அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

அன்புடன்,
தவணைக் கணக்குப் பொறுப்பாளர்