ஸ்ரீரங்கத்துக்கு சி.ஓ.டி. ஆர்டர்: முகவரியும் வழியும்

அக்கா, வணக்கம். நேத்து சொன்ன ரெண்டு சுங்குடிப் புடவை (அரக்கு ஒண்ணு, மாம்பழ மஞ்சள் ஒண்ணு) அம்மாவுக்கு, ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போகணும். நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். புடவை 1,300, கூரியர் 80, ஆக மொத்தம் 1,380 ரூபாய், பார்சல் வாங்கும்போது பணம். லேபிள்ல இப்படியே எழுதுங்க:

பெறுபவர்: ராஜேஸ்வரி (பாட்டு டீச்சர்)
புது எண் 87, பழைய எண் 41, பின்கட்டு
கீழ உத்திர வீதி
வெள்ளை கோபுரத்துக்கு எதிர் வரிசை
ஸ்ரீரங்கம், திருச்சி – 620006
பணம் வாங்க வேண்டியது: ரூ. 1,380

"கீழ உத்திர வீதி"ன்னு முழுசா இருக்கணும் அக்கா. உத்திர வீதி நாலு திசையிலயும் இருக்கு, சித்திரை வீதியும் அப்படியே. "உத்திர வீதி"ன்னு மட்டும் போட்டா பையன் நாலு பக்கமும் சுத்துவான். போன தடவை வேற ஒரு கடையில ஆர்டர் போட்டப்போ, அடையாளம்னு கேட்ட இடத்துல நான் "கோபுரம் அருகில்"னு எழுதிட்டேன். ஸ்ரீரங்கத்துல 21 கோபுரம்! பார்சல் மூணு நாள் ஊரைச் சுத்திட்டு "ஆள் இல்லை"ன்னு திரும்பிப் போச்சு. அம்மா மூணு நாளும் திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தாங்க.

நம்பர் ரெண்டையும் மேல காண்டாக்ட்டா அனுப்பியிருக்கேன். லேபிள்ல ரெண்டையும் போடுங்க, ஆனா அம்மா நம்பர் முதல்ல வரட்டும். வழி கேக்க அவங்க, ஓ.டி.பி. கேக்க நான். ஆர்டர் என் பேர்ல இருக்கறதால ஓ.டி.பி. எனக்குத்தான் வரும். அம்மாகிட்ட இருக்கறது பட்டன் போன், அதுல அவங்களைத் தேடச் சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

இதுக்குக் கீழ இருக்கறதை டெலிவரி குறிப்புல அப்படியே ஒட்டிடுங்க. இடம் பத்தலைன்னா பின்கட்டு விஷயத்தையும் போன் விஷயத்தையும் மட்டுமாவது விடாதீங்க.

"அண்ணா, ராஜகோபுரம் வழியா உள்ள வந்து நேரா ரங்கா ரங்கா கோபுரம் வரைக்கும் வாங்க. கோயிலைப் பார்த்து நின்னா வலது கைப் பக்கம் திரும்பி, தெரு முடியற இடத்துல இடது பக்கம் திரும்புங்க. அதுதான் கீழ உத்திர வீதி. இடது பக்கம் வெள்ளை கோபுரம் வரும். அதைத் தாண்டி வலது வரிசையில ஆறாவது வீடு. பச்சைக் கம்பி கேட், வாசல்ல இஸ்திரி வண்டி நிக்கும். பைக் வாசல் வரைக்கும் வரும்.

முன்கட்டுல டியூஷன் சென்டர் போர்டு இருக்கு. அங்க பெல் அடிக்காதீங்க, ராஜேஸ்வரின்னு யாரும் இல்லைன்னு சொல்லிடுவாங்க. பக்கத்துல இருக்கற ரேழி வழியா நேரா உள்ள வந்தா கிணத்தடி தாண்டி பின்கட்டு. வழி தெரியலைன்னா இஸ்திரிக்காரர்கிட்ட 'பாட்டு டீச்சர் வீடு'ன்னு கேளுங்க. பேரைச் சொன்னா தெருவுல யாருக்கும் தெரியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி லேபிள்ல இருக்கற முதல் நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முழு ரிங்கும் விடுங்க, எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டாவது தடவை கண்டிப்பா எடுப்பாங்க. முதல் வார்த்தையே 'புடவை பார்சல்'னு சத்தமா சொல்லுங்க. கூரியர்னு சொன்னா ராங் நம்பர்னு வெச்சுடுவாங்க. காலையில பத்தரையில இருந்து ஒரு மணி வரைக்கும், இல்லைன்னா சாயங்காலம் நாலுக்கு மேல வாங்க. நடுவுல தூங்குவாங்க.

1,380 ரூபாயைச் சில்லறையோட கவர்ல போட்டு வெச்சிருக்காங்க. ஜிபே கிடையாது. அன்னிக்கு முடியலைன்னா பார்சலைத் திருப்பி அனுப்பாதீங்க, ரெண்டாவது நம்பர்ல எனக்கு ஒரு போன் போடுங்க, மறுநாளைக்கு நேரம் சொல்றேன்."

லொகேஷனும் அனுப்பறேன் அக்கா. ஆனா நம்ம வீட்டு நம்பரை மேப்ல போட்டா கோயில் மதிலுக்கு உள்ள காட்டுது. அதனால பக்கத்து வீட்டுப் பையனை வாசல்ல நிக்க வெச்சு எடுத்த லொகேஷனைத்தான் அனுப்பியிருக்கேன், அதையே கொடுங்க. கேட்டும் இஸ்திரி வண்டியும் தெரியற மாதிரி ஒரு போட்டோவும் இருக்கு.

பில்லை என் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்புங்க. மொத்தப் பணத்தையும் இன்னிக்கே பக்கத்து வீட்டுக்காரங்க மூலமா அம்மாகிட்ட கொடுத்து கவர்ல வெக்கச் சொல்றேன். அனுப்பினதும் டிராக்கிங் நம்பர் போடுங்க.

– வித்யா