கற்பித்தல்சார் பாடப்பொருள் அறிவு: வெப்பமும் வெப்பநிலையும் பாடத்தை முன்வைத்து
(கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் அறிவியல் மாணவ ஆசிரியர்களுக்கான கையேட்டுப் பகுதி)

இயற்பியலில் முதுகலை முடித்த ஒருவர் வெப்ப இயக்கவியல் விதிகளைச் சமன்பாடுகளோடு கரும்பலகையில் எழுதிவிடுவார். வகுப்பறை மேலாண்மையில் தேர்ந்த மற்றொருவர் எந்த வகுப்பையும் அமைதியாக உட்கார வைத்துவிடுவார். ஆனால் 30 °C நீரோடு 30 °C நீரைச் சேர்த்தால் 60 °C ஆகும் என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொல்லும்போது, அந்த விடை எங்கிருந்து வந்தது, அடுத்து அவளிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது இவ்விரு திறமைகளிலும் அடங்காத ஒன்று. அதையே அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் கற்பித்தல்சார் பாடப்பொருள் அறிவு என்று தனித்துக் காட்டினார். ஒரு தலைப்பைப் பிறருக்குப் புரியவைக்கும் வலுவான எடுத்துக்காட்டுகளும் விளக்கங்களும் எவை, அத்தலைப்பில் எது எளிது, எது கடினம், மாணவர்கள் முன்கூட்டியே எத்தகைய கருத்துகளோடு வருகிறார்கள் என்பவை இதில் அடங்கும். இவ்வறிவு தலைப்புக்குத் தலைப்பு மாறுவது. ஒளியியலை அருமையாக நடத்துபவர் வெப்பவியலில் தடுமாறக்கூடும்.

வெப்பமும் வெப்பநிலையும் பாடத்தில் மாணவர்களின் முன்கருத்துகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வேர்கொண்டுள்ளன: வெப்பநிலை என்பது பொருளுக்குள் இருக்கும் வெப்பத்தின் அளவு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அளவு என்றால் கூட்டலாம் அல்லவா? எனவே 30-உம் 30-உம் 60 ஆகின்றன. இதே மாணவியிடம் எண்களை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரோடு அதே வெதுவெதுப்பான நீரைச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், அப்படியேதான் இருக்கும் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். குளியலறை அனுபவம் அவளிடம் இருக்கிறது. எண்களைக் கண்டதும் கணக்குப் பாடத்தின் பழக்கம் முந்திக்கொள்கிறது. ஆகவே சொற்களால் முதலில் கேட்டு, பின்னர் எண்களால் கேட்டு, இரு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். முரண்பாட்டை மாணவர்களே காணட்டும். நீங்கள் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம்.

அடுத்து, 60 °C நீர் 100 மி.லி.யையும் 30 °C நீர் 100 மி.லி.யையும் கலந்தால் என்ன வெப்பநிலை வரும் என்பதை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பின்னரே கலந்து காட்டுங்கள். கோட்பாட்டின்படி 45 °C வர வேண்டும். பீக்கரும் காற்றும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வெப்பநிலைமானி 43 அல்லது 44 °C காட்டக்கூடும். இதை எதிர்பாராத பயிற்சி ஆசிரியர் சோதனை தோற்றுவிட்டதாகப் பதறுவார்; எதிர்பார்த்தவர், குறைந்த வெப்பம் எங்கே போயிற்று என்ற வினாவை எழுப்பி, வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும் ஆற்றல் என்ற கருத்துக்குள் அப்படியே நுழைந்துவிடுவார். ஆய்வக வெப்பநிலைமானியையே பயன்படுத்துங்கள். 35 முதல் 42 °C வரை மட்டுமே அளக்கும் மருத்துவ வெப்பநிலைமானியைச் சுடுநீரில் வைத்தால் உடைந்துவிடும்.

இப்போது வேறுபாட்டின் மையத்துக்கு வரலாம். செக்கச் சிவக்கக் காய்ச்சிய ஒரு கிராம் எடையுள்ள ஊசி, 50 °C-இல் உள்ள பத்து லிட்டர் வாளி நீர், இவற்றில் எது அதிகப் பனிக்கட்டியை உருக்கும் என்று கேளுங்கள். பலர் ஊசியையே சொல்வார்கள். ஊசியின் வெப்பநிலை 700 °C என்று வைத்துக்கொண்டாலும், அது குளிர்ந்து 0 °C அடைவதற்குள் ஏறத்தாழ ஒரு கிராம் பனிக்கட்டியையே உருக்கும். வாளி நீரோ சுமார் ஆறு கிலோவை உருக்கும். வெப்பநிலையில் ஊசி மிக உயர்ந்தது, கொடுக்கக்கூடிய ஆற்றலில் வாளி மிகப் பெரியது. நிறையைப் பற்றி யோசிக்க மாணவர்களைத் தூண்டும் வினா இது என்பதால்தான், மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் என்ற வரையறைக்கு முன் இதை வைக்கப் பரிந்துரைக்கிறேன். வரையறையை முதலில் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிட்டு, பழைய கருத்தை உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

இரும்பு மேசைக்காலையும் மரப்பலகையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லும் செயல்பாடு பலருக்கும் பிடித்தமானது. நல்ல செயல்பாடுதான், ஆனால் முதல் நாளுக்கு உகந்ததன்று. ஒரே அறையில் நெடுநேரம் இருந்த இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. கையிலிருந்து வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் இரும்பு குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. வெப்பக் கடத்தலை அறியாத மாணவர், இரும்புக்கு இயல்பாகவே வெப்பநிலை குறைவு என்ற எண்ணத்தோடுதான் வீடு திரும்புவார். கடத்தல் பாடம் முடிந்த பின், இரண்டின் மேலும் ஒரே அளவுள்ள பனிக்கட்டியை வைத்து, எதில் முதலில் உருகும் என்று கணிக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சியானது என்று அவர்கள் நம்பிய இரும்பின் மேல்தான் அது விரைவாக உருகும்.

மதிப்பீட்டுக்கு வரையறையைக் கேட்பதில் பயனில்லை. கொதிக்கும் நீரை மேலும் ஐந்து நிமிடம் சூடாக்கினால் வெப்பநிலைமானி என்ன காட்டும், கொடுத்த வெப்பம் என்ன ஆயிற்று என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வெப்பநிலை மாறாது என்று எழுதிவிட்டு இரண்டாம் பகுதியை வெறுமையாக விடும் மாணவர் யார் யார் என்று குறித்துக்கொண்டால், உள்ளுறை வெப்பத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.