மூலகாரண ஆய்வறிக்கை: புழுங்கல் நாட்டரிசியில் திரும்பத் திரும்பக் குறுணல்

இடம்: அரிசி ஆலை, கிளிநொச்சி. காலம்: சிறுபோக நெல், ஆகஸ்ட் – செப்ரெம்பர்.

பிரச்சினை
குறுணல் 10 வீதத்துக்குள் இருக்கவேண்டும். அரைத்த 14 தொகுதிகளில் 6 தொகுதிகள் 20ஐத் தாண்டின. சென்ற சிறுபோகத்திலும் இதே கதை, காலபோகத்தில் இல்லை. இரண்டு தடவை றப்பர் உருளை மாற்றியும் குறையவில்லை.

மீன்முள் வரைபடம்: காரணங்களை ஒவ்வொரு முள்ளாகப் பிரித்துப் பார்த்தது
இயந்திரம்: உருளை இடைவெளியும் தேய்மானமும் சரி. குற்றும் இயந்திரத்துக்குப் போகுமுன் எடுத்த நெல்லில் 100 மணியைக் கையால் உமி நீக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தபோது 31இல் குறுக்கு வெடிப்பு. எனவே உடைவு உருளைக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது. இந்த முள்ளை இத்தோடு விட்டோம்.
நெல்: கெட்ட தொகுதியும் நல்ல தொகுதியும் ஒரே வயல், ஒரே இனம்.
சூழல்: ஆறு தொகுதிகளும் சோளகம் வீசிய நாட்களில், மத்தியானத்துக்குப் பின் காய்ந்தவை.
முறை, அளவீடு: கீழே.
ஆள்: "கவனக்குறைவு" என்று எழுதி மூடுவது சுலபம். தளத்தில் நின்றவர்கள் சொன்னபடிதான் செய்தார்கள்.

ஐந்து ஏன்
1. ஏன் குறுணல்? மணி காயும்போதே வெடித்தது.
2. ஏன் வெடித்தது? அவித்த நெல் சுமார் 35 வீத ஈரத்திலிருந்து 11க்கு ஒரே மூச்சில் இறங்கியது. 18க்குக் கீழே மேற்பரப்பு சுருங்க, உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் மணி பிளக்கும்.
3. ஏன் இடையில் ஆறவிடவில்லை? குவித்து மூடத் தளத்தில் இடமில்லை.
4. ஏன் இடமில்லை? அவிப்பு நாளுக்கு இரண்டு தொகுதியானது. சீமெந்துத் தளம் பழைய அளவே.
5. ஏன் யாரும் பிடிக்கவில்லை? ஈரமானியை குற்றும் இயந்திரத்தின் வாயில் மட்டும்தான் வைக்கிறோம். பதிவேட்டில் "14க்கு மேல் கூடாது" என்றிருக்கிறது, கீழெல்லை இல்லை. 11 வந்தால் "நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்று கையொப்பம்.

மூலகாரணம் இந்த ஐந்தாவதே. இடநெருக்கடி அதை வெளியே கொண்டுவந்தது.

சரிபார்ப்பு
ஒரே தொகுதியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியை 18 வீதத்தில் குவித்து, படங்கு போட்டு 4 மணித்தியாலம் ஆறவிட்டு, பிறகு 14க்குக் காயவைத்தோம்: குறுணல் 8 வீதம். மறுபாதி நேரே 11க்கு: 23 வீதம்.

நடவடிக்கை
– இன்றிலிருந்து: தளத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரம் பார்த்தல், பரப்பிய நெல்லின் நடுவிலும் ஓரத்திலுமாக. 18இல் குவித்து மூடுதல். பொறுப்பு: தள மேற்பார்வையாளர்.
– பதிவேட்டில் இரு புதிய நிரல்கள்: குவித்த நேரம், திறந்த நேரம். இறுதி ஈரம் 13–14. 13க்குக் கீழென்றால் அந்தத் தொகுதி தனியே வைக்கப்படும்.
– தளம் விரியும்வரை சோளக நாட்களில் ஒரு அவிப்பு மட்டும். உற்பத்தி குறையும், உரிமையாளர் ஒப்புக்கொண்டுள்ளார்.
– ஈரமானியைப் புழுங்கல் நெல்லுக்கு அடுப்பு உலர்த்தல் முறையோடு ஒப்பிடல், ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும்.

அடுத்த 10 தொகுதிகளும் 10 வீதத்துக்குள் நின்றால் மட்டுமே இந்த அறிக்கை மூடப்படும். அதுவரை உருளை வாங்கும் கோரிக்கை நிறுத்தம்.