காலைச்சூடு பேக்கரி + முகை மலரகம்: ஒரு வெள்ளிவிழா கேக், இரண்டு கடைகளின் வேலை

கேக், பட்டர்கிரீம், சர்க்கரை இதழ்: @காலைச்சூடு பேக்கரி
பூ, இலை, மேசைப் பூங்கொத்துகள்: @முகை மலரகம்
வடிவமைப்பு: இரண்டு கடையும் சேர்ந்து
(பெயர் வரிசை அகரவரிசைப்படி. வேறு காரணம் இல்லை. அடுத்த கூட்டுப் பதிவில் முகை முதலில் வரும்.)

சனிக்கிழமை விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது "இந்தக் கேக் எங்க வாங்கினீங்க?" மீதிப் பேர் கேட்டது "இந்தப் பூ எங்க?" இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். படம் மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அப்பா அம்மாவின் 25-ஆவது திருமண நாளுக்காக அவர்களுடைய பிள்ளைகள் கொடுத்த ஆர்டர் இது. அவர்கள் முதலில் வந்தது முகைக்கு. மேசைகளுக்குப் பூங்கொத்து கேட்டார்கள். பேச்சுவாக்கில் "கேக்கிலயும் இதே பூ வச்சா நல்லா இருக்கும்ல?" என்றதும், முகை அக்கா அங்கேயே காலைச்சூடு தம்பிக்கு போன் போட்டார். ஆக, ஆர்டர் வந்த வழி முகை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

1-ஆம் படத்தில் இருப்பது மூன்றடுக்கு எலுமிச்சை கேக். அடுக்குகள் நடுவில் நேராக நிற்காமல் ஒவ்வொன்றும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நிற்பதைக் கவனியுங்கள். அது தம்பியின் யோசனை. அப்படித் தள்ளி வைத்தால்தான் முன்பக்கம் ஒவ்வொரு அடுக்கிலும் பூ உட்கார இடம் கிடைக்கும். ஆனால் எடை ஒருபக்கம் போகும் என்பதால் உள்ளே முட்டுக்குச்சிகளின் இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. படத்தில் தெரியாத இந்த வேலை முழுக்கக் காலைச்சூடு. மேல் அடுக்கின் வலப்பக்கத்தில் தொடங்கி, பிறை மாதிரி வளைந்து, கீழ் அடுக்கின் இடப்பக்கத்தில் முடியும் அந்தப் பூவரிசை முகையின் கை. அந்தப் பிறையை முதலில் ஒரு பில்லின் பின்பக்கத்தில் வரைந்து காட்டியது முகையில் வேலை பார்க்கும் தங்கைதான். பெயர் போடட்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டாள். எனவே "முகையின் தங்கை" என்றே இருக்கட்டும்.

2-ஆம் படம் எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்த படம். ஒரு ரோஜா இதழ், பக்கத்தில் ஒரு கரண்டி பட்டர்கிரீம், இரண்டும் ஒரே நிறம். முகை கொண்டுவந்த ரோஜா வெளிர் பீச் நிறம், ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு. அதற்கு ஈடான நிறத்தை கிரீமில் கொண்டுவருவது கேட்க எளிதாக இருக்கும். வெண்ணெய்க்கென்று ஒரு மஞ்சள் உண்டு, எந்த நிறத்தையும் அது தன் பக்கம் இழுத்துவிடும். தம்பி முதலில் ஊசி முனையளவு ஊதா சேர்த்து அந்த மஞ்சளை அடக்கினார். அதன் பிறகுதான் பீச். அதுவும் இதழைவிட ஒரு சாயல் வெளிறலாகக் கலந்து மூடி வைத்தார், ஏனென்றால் பட்டர்கிரீமில் நிறம் நேரம் ஆக ஆக ஏறும். மறுநாள் காலையில் திறந்து இதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எடுத்த படம்தான் இது. நிறம் பிறந்தது முகையின் பூவில், அதைப் பிடித்தது காலைச்சூட்டின் கரண்டியில். "இந்த ஷேடு யாரோடது?" என்று கேட்டால் எங்களால் ஒரு கடையின் பெயரைச் சொல்ல முடியாது.

3, 4-ஆம் படங்கள் "கேக்கில் நிஜப் பூ வைக்கலாமா?" என்று கேட்டவர்களுக்காக. வைக்கலாம், ஆனால் எந்தப் பூ, எப்படி என்பதுதான் விஷயம். பூ வியாபாரத்துக்கு வளர்க்கும் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், அது சாப்பிடுவதற்கென்று வளர்த்த பூ கிடையாது. அதனால் இந்தக் கேக்கில் பெரிய ரோஜாக்களும் லிசியாந்தஸும் பார்ப்பதற்கு மட்டும். ஒரு காம்புகூட நேராகக் கேக்கில் குத்தப்படவில்லை. 4-ஆம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: காம்பின் முனையில் ஈரப்பஞ்சு, அதன்மேல் பச்சை டேப், அதை உள்ளே வாங்கிக்கொள்ள ஒருபக்கம் அடைத்த ஸ்ட்ரா. ஸ்ட்ராதான் கேக்குக்குள் போகிறது. இதைச் சுற்றிக் கட்டியது முகை. எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்று குறித்துக் கொடுத்தது காலைச்சூடு. வெட்டுவதற்கு முன் எல்லாப் பூவையும் எடுத்துவிட்டுத்தான் பரிமாறினோம்.

பூவரிசைக்கு நடுவே தெரியும் பச்சை, ரோஸ்மேரி. அது சமையலில் போடுவதுதான், கவலை இல்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்ட ஒரு பூவை மட்டும் நாங்கள் மறுத்தோம்: லில்லி ஆஃப் த வேலி. படத்தில் கொள்ளை அழகு, ஆனால் முழுச் செடியும் நஞ்சு, அது நின்ற தண்ணீர்கூட ஆகாது. அரளியும் அப்படித்தான். அக்கா "கேக் பக்கமே வராது" என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு அதில் மறுபேச்சே இல்லை. பூ விஷயத்தில் முகை வேண்டாம் என்றால் வேண்டாம்.

5-ஆம் படத்தில் மேல் அடுக்கில் மின்னுகிற இதழ்கள் மட்டும் சாப்பிடுவதற்கு. மருந்து அடிக்காமல், சாப்பிடவென்றே வளர்த்த ரோஜாவைத் தனிக்கூடையில் தனியாக வரவழைத்தது முகை. பார்க்கும் பூவும் தின்னும் பூவும் ஒரே மேசையில்கூடச் சேரவில்லை. இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், அதைக் கிள்ளி எடுத்தது அக்காவும் தங்கையும். பாஸ்சரைஸ் செய்த முட்டை வெள்ளையைத் தூரிகையால் இருபுறமும் தடவி, பொடிச் சர்க்கரை தூவி, மொறுமொறுப்பாகும்வரை காயவைத்தது காலைச்சூடு. (முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க: இதழிலும் முட்டை உண்டு, கேக்கிலும் உண்டு.)

இனி, ஒரு சின்ன சண்டை. சண்டை இல்லாமல் கூட்டு வேலை ஏது? கேக் எந்த ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. முகையின் குளிரறை பெரியது, மூன்றடுக்கும் தாராளமாகப் போகும். "இங்கேயே கொண்டுவந்து வச்சிரு தம்பி, பூவை இங்கேயே சொருகிடலாம்" என்றார் அக்கா. ஆனால் பூவுக்கு ஈரக்காற்று வேண்டும், கேக்குக்கு அதே ஈரக்காற்று எமன், மேலே முத்து முத்தாக வியர்த்துவிடும். அப்படியானால் பூவைப் பேக்கரி ஃபிரிட்ஜில் வைக்கலாமா? அங்கே பழங்கள் இருக்கின்றன. பழுத்த பழம் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், இதில் ஆப்பிளும் வாழையும் மோசம். கடைசியில் அவரவர் வீட்டுப் பிள்ளை அவரவர் வீட்டில் என்று முடிவாகி, கேக்கும் பூவும் தனித்தனி வண்டியில் மண்டபத்துக்கு வந்து, அங்கேதான் முதன்முதலாகச் சந்தித்தன. விருந்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு பூ ஏற ஆரம்பித்தது. 6-ஆம் படத்தில் ஏணி ஸ்டூலில் நிற்பது அக்கா, கீழே கேக் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பது தம்பி.

7-ஆம் படம் மேசைப் பூங்கொத்துகள். முழுக்க முழுக்க முகை. அதைப் பற்றிக் காலைச்சூடு சொல்வதற்கு எதுவும் இல்லை, நன்றாக இருந்தது என்பதைத் தவிர. 8-ஆம் படம் வெட்டிய துண்டின் உள்பக்கம், எலுமிச்சைக் கூழ் வரி தெரிகிறதே, அது. அது முழுக்கக் காலைச்சூடு. முகை சொல்வது: "இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூணாவது கேட்க வெட்கமா இருந்துச்சு."

படம் எடுத்தவர்கள்: 1, 3, 6, 7 முகை. 2, 4, 5, 8 காலைச்சூடு. 6-ஆம் படத்தை எடுத்தது முகையின் தங்கை.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், கூட்டுப் பதிவு என்றாலே "இலவசமாகப் பண்ணிக் கொடுத்தாங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இது விளம்பரத்துக்குச் செய்தது அல்ல, வாடிக்கையாளர் முழுப் பணம் கொடுத்து வாங்கிய வேலை. கேக்குக்கு ஒரு பில், பூவுக்கு ஒரு பில். கேக்கில் பூ ஏற்றிய வேலைக்கூலி முகையின் பில்லில், சர்க்கரை இதழ் செய்த கூலி காலைச்சூட்டின் பில்லில். ஒருவர் மூலம் மற்றவருக்கு ஆர்டர் வந்தால் எங்களுக்குள் கமிஷன் கிடையாது.

பகிர்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேக் படம் என்றால் பேக்கரி பெயர் மட்டும் போகிறது, பூ பெரிதாகத் தெரிந்தால் பூக்கடை பெயர் மட்டும் போகிறது. 1 முதல் 6 வரை எந்தப் படத்தை எடுத்துப் போட்டாலும் இரண்டு கடையையும் டேக் செய்யுங்கள். 7-க்கு முகை போதும், 8-க்குக் காலைச்சூடு போதும். படத்தை வெட்டிப் போடும்போது ஓரத்தில் இருக்கும் கடைப் பெயரையும் சேர்த்து வெட்டிவிடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதே மாதிரி வேண்டும் என்பவர்கள் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம், இரண்டு பேரையும் ஒரே உரையாடலில் நாங்களே சேர்த்துக்கொள்வோம். விழா நாள், எத்தனை பேர், மண்டபத்தில் ஏசி உண்டா இல்லையா, யாருக்காவது பூவோ முட்டையோ பருப்புவகையோ ஒவ்வாமையா, இது நான்கும் முதல் செய்தியிலேயே இருந்தால் எங்களுக்கு வேலை சுலபம். சாப்பிடும் ரோஜா வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், அது கேட்ட அன்றே கிடைக்கும் சரக்கு அல்ல. கேக் மட்டும் வேண்டுமா, நேராகக் காலைச்சூட்டுக்கு. பூ மட்டும் வேண்டுமா, நேராக முகைக்கு.

@காலைச்சூடு பேக்கரி @முகை மலரகம்
#காலைச்சூடு #முகைமலரகம் #பூக்கேக் #வெள்ளிவிழா #கூட்டுவேலை